நாஸதீய சூக்தம்: ஏழு மந்திரங்கள், பொருளோடு

திருவானைக்காவில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடி ரிக்வேதத்திலிருந்து ஒரு சூக்தம் படிக்கிறோம். சென்ற மாதம் நான்கு வாரமும் ஒரே சூக்தத்தில் போயிற்று. பத்தாம் மண்டலம், 129ஆம் சூக்தம். தொடங்கும் சொல்லை வைத்து நாஸதீயம் என்று பெயர். ஏழே மந்திரம், த்ரிஷ்டுப் சந்தம்: அடிக்குப் பதினோரு அசை, நான்கு அடி. ரிஷி பரமேஷ்டி பிரஜாபதி என்று சூக்தங்களின் பழைய அட்டவணையான அனுக்கிரமணி சொல்கிறது. வர முடியாதவர்கள் எழுதிக் கேட்டதால் மூலத்தையும் நாங்கள் வந்து சேர்ந்த பொருளையும் இங்கே தருகிறேன். தைத்திரீய பிராமணத்திலும் இந்த மந்திரங்கள் வருவதால், கிருஷ்ண யஜுர் வேதம் ஓதும் வீடுகளில் வளர்ந்த சிலருக்குக் காது முன்பே பழகியிருக்கும்.

நாஸதாஸீந் நோ ஸதாஸீத் ததானீம்
நாஸீத் ரஜோ நோ வ்யோமா பரோ யத் |
கிமாவரீவ: குஹ கஸ்ய சர்மன்
அம்ப: கிமாஸீத் கஹனம் கபீரம் ||

அப்போது இல்லாததும் இல்லை, இருப்பதும் இல்லை. நடுவெளி இல்லை, அதற்கு அப்பாலுள்ள வானும் இல்லை. எது மூடியிருந்தது? எங்கே? யார் காப்பில்? ஆழம் காண முடியாத நீர் இருந்ததா?

‘ஸத்’ என்றால் இருப்பது, ‘அஸத்’ என்றால் இல்லாதது. தமிழில் ‘இல்லாததும் இல்லை’ என்றதும் ‘அப்படியானால் எல்லாம் இருந்தது’ என்று காது தவறாக வாங்கிக்கொள்கிறது. கவி அதற்கு இடம் கொடுக்காமல் அடுத்த மூச்சிலேயே ‘இருப்பதும் இல்லை’ என்று அந்தக் கதவையும் சாத்திவிடுகிறார். உண்டு, இல்லை என்ற இரண்டு சொல்லையும் நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே பேசச் சொன்னால் என்ன செய்வோம்? கேள்விதான் கேட்போம். மூன்றாம் அடியில் அவரும் அதைத்தான் செய்கிறார். ‘ஆவரீவ:’ என்பதற்கு ‘மூடியது’ என்று வேதத்துக்கு உரை எழுதிய சாயணர் பொருள் கொள்கிறார். ‘அங்குமிங்கும் அசைந்தது’ என்றும் கொள்ள இலக்கணம் இடம் தருகிறது. நாங்கள் சாயணரோடு போனோம்.

ந ம்ருத்யுராஸீத் அம்ருதம் ந தர்ஹி
ந ராத்ர்யா அஹ்ன ஆஸீத் ப்ரகேத: |
ஆனீதவாதம் ஸ்வதயா ததேகம்
தஸ்மாத்தான்யந் ந பர: கிஞ்சனாஸ ||

சாவு இல்லை, சாவாமையும் இல்லை. இரவையும் பகலையும் பிரித்துக் காட்டும் அடையாளம் இல்லை. காற்றில்லாமல், தன் ஆற்றலால், அந்த ஒன்று மூச்சுவிட்டது. அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

‘ஆனீத் அவாதம்’: மூச்சுவிட்டது, காற்றில்லாமல். பிராணனில் உள்ள ‘அன்’ என்ற வேர்தான் ‘ஆனீத்’. மூச்சென்றால் காற்று, காற்றில்லாத மூச்சு எப்படி? விளக்கம் சொல்லாமல் கவி நகர்ந்துவிடுகிறார். ‘ஸ்வதா’ என்பதைச் சாயணர் மாயை என்கிறார். அது பின்னால் வந்த அத்வைதத்தின் கண். பதினான்காம் நூற்றாண்டு விஜயநகரத்தில் உட்கார்ந்து எழுதியவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நாங்கள் ‘தன் ஆற்றல்’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

‘தத் ஏகம்’, அந்த ஒன்று. அவன் என்றோ அவள் என்றோ சொல்லவில்லை, ‘அது’ என்கிறார். இந்த ‘அது’வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏழாம் மந்திரத்தில் தேவைப்படும்.

தம ஆஸீத் தமஸா கூள்ஹமக்ரே
அப்ரகேதம் ஸலிலம் ஸர்வமா இதம் |
துச்ச்யேனாப்வபிஹிதம் யதாஸீத்
தபஸஸ்தன் மஹினாஜாயதைகம் ||

முதலில் இருளை இருள் மறைத்திருந்தது. இவையெல்லாம் வேறுபாடு தெரியாத நீராய் இருந்தன. வெறுமையால் மூடப்பட்டு உருவாகவிருந்த அந்த ஒன்று, வெப்பத்தின் வலிமையால் பிறந்தது.

தபஸ் என்றதும் நமக்குத் தாடியும் புற்றும் நினைவுக்கு வருகின்றன. இங்கே அது வெப்பம், முட்டையை அடைகாக்கும் சூடு போல.

காமஸ்ததக்ரே ஸமவர்த்ததாதி
மனஸோ ரேத: ப்ரதமம் யதாஸீத் |
ஸதோ பந்துமஸதி நிரவிந்தன்
ஹ்ருதி ப்ரதீஷ்யா கவயோ மனீஷா ||

முதலில் அதன்மேல் ஆசை எழுந்தது. மனத்தின் முதல் விதை அது. கவிகள் தம் நெஞ்சுக்குள் அறிவால் தேடி, இருப்பதன் உறவை இல்லாததில் கண்டுபிடித்தார்கள்.

‘பந்து’ நம் பந்தம்தான், உறவு. இதே மண்டலத்தின் மற்ற சூக்தங்களில் படைப்பைச் செய்ய ஆள் இருக்கிறார்: 90ஆவதில் புருஷனைப் பலியிட்டு உலகம் ஆகிறது, 121இல் ஹிரண்யகர்பன் தோன்றுகிறான். 72இல் இல்லாததிலிருந்து இருப்பது பிறந்தது என்று ஒரே வரியில் முடிகிறது. இங்கே தேடுகிறவர்கள் கவிகள், தேடும் இடம் அவர்கள் நெஞ்சு. சதபத பிராமணம் இதைப் படித்துவிட்டு, தொடக்கத்தில் இருந்தும் இல்லாமலும் இருந்தது மனம்தான் என்றது. எனக்கும் அந்த வாசிப்பு பிடிக்கும்.

திரச்சீனோ விததோ ரச்மிரேஷாம்
அத: ஸ்விதாஸீ3த் உபரி ஸ்விதாஸீ3த் |
ரேதோதா ஆஸன் மஹிமான ஆஸன்
ஸ்வதா அவஸ்தாத் ப்ரயதி: பரஸ்தாத் ||

அவர்களின் கயிறு குறுக்கே நீட்டப்பட்டது. கீழே இருந்ததோ? மேலே இருந்ததோ? விதை இடுவோர் இருந்தனர், பேராற்றல்கள் இருந்தன. தன்னாற்றல் கீழே, முனைப்பு மேலே.

இரண்டாம் வாரம் கல்லூரி மாணவி ஒருத்தி புத்தகத்தில் விரலை வைத்து, “சார், இந்த 3 அடிக்குறிப்பு எண்ணா? கீழே ஒண்ணும் இல்லையே?” என்றாள். எனக்கு அந்த மாலை முழுவதற்கும் அது போதும். அந்த 3 பாட்டின் பகுதி. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. இந்த ‘ஸீ’ மூன்று. ப்லுதம் என்பார்கள். ‘மூவளபு இசைத்தல் ஓரெழுத்து இன்றே’ என்று தொல்காப்பியர் தமிழுக்கு வரம்பு கட்டியதால் நாம் இதை அளபெடையாக ‘ஸீஇ’ என்றுதான் எழுதிக் காட்ட முடியும்.

இதுவா அதுவா என்று யோசித்துத் தயங்கும்போது குரல் நீளும். பாணினி அதற்கே ஒரு விதி வைத்திருக்கிறார் (8.2.97). அதோடு விடாமல் 8.2.102இல் ‘உபரி ஸ்விதாஸீத்’ என்ற இதே சொற்களை எடுத்துவைத்து, இங்கே நீளும் ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும் என்கிறார். ஆக, முதல் ‘ஆஸீ3த்’ ஒரு தொனி, இரண்டாவது இறங்கிய தொனி. “கீழேயாஆ? மேலேயாஆ…” என்று கேள்வி கேட்டபடியே ஒருவர் சந்தேகத்தில் குரல் தணிவது நமக்குக் கேட்கிறது. மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒரு பாட்டில், தயங்கிய குரலின் நீளம் எண் போட்டுக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அன்று ஆளுக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மற்றபடி இந்த மந்திரம் கடினம். ‘ரச்மி’ கதிரா, கயிறா? சாயணருக்குச் சூரியக் கதிர் போல நொடியில் பரவிய படைப்பு. முந்தைய மந்திரத்துக் கவிகள் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே அளந்து பிடித்த கயிறு என்று எடுத்தால் தொடர்ச்சி கிடைக்கிறது. கயிறு பிடித்தவர்களுக்கு அதற்குக் கீழே எது, மேலே எது என்று புலப்படவில்லை. குரல் நீள்வது அங்கேதான்.

கோ அத்தா வேத க இஹ ப்ரவோசத்
குத ஆஜாதா குத இயம் விஸ்ருஷ்டி: |
அர்வாக் தேவா அஸ்ய விஸர்ஜனேன
அதா கோ வேத யத ஆபபூவ ||

உண்மையில் யாருக்குத் தெரியும்? இங்கே யார் சொல்லக்கூடும், இந்தப் படைப்பு எங்கிருந்து பிறந்தது, எங்கிருந்து வந்தது என்று? தேவர்கள் இதற்குப் பிறகு வந்தவர்கள். பின் அது எங்கிருந்து உண்டானது என்பதை யார் அறிவார்?

கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளையிடம் கல்யாணத்தில் என்ன சமையல் என்று கேட்டால் எப்படி? தேவர்கள் நிலை அதுதான். ‘விஸ்ருஷ்டி’யைப் படைப்பு என்று எழுதிவிட்டேன், ஆனால் உறுத்துகிறது. வேர் ‘ஸ்ருஜ்’: அவிழ்த்துவிடுதல், பாயவிடுதல். மதகைத் திறந்ததும் வரும் வெள்ளம் போன்ற சொல். குயவர் பானை வனைவதுபோல் ஒரு கை இதில் இல்லை.

இயம் விஸ்ருஷ்டிர் யத ஆபபூவ
யதி வா ததே யதி வா ந |
யோ அஸ்யாத்யக்ஷ: பரமே வ்யோமன்
ஸோ அங்க வேத யதி வா ந வேத ||

இந்தப் படைப்பு எங்கிருந்து உண்டானதோ, அது உண்டாக்கப்பட்டதோ, இல்லையோ, உச்சி வானில் இதைக் கண்காணிப்பவன் எவனோ அவன்தான் அறிவான். அல்லது, அவனும் அறியானோ.

இரண்டாம் மந்திரத்தில் ‘அது’ என்றவர் இங்கே ‘யோ… ஸோ’, எவன்… அவன் என்கிறார். தமிழில் மொழிபெயர்க்கும்போது நம் பக்தி வந்து ‘அறிவார்’ என்று மரியாதை போட்டுவிடும். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் அதற்குத்தான் வாதாடினார், “கடவுளை அவன் இவன்னு எப்படி எழுதறது?” ஆழ்வாரும் நாயன்மாரும் ‘அவன்’ என்றுதானே பாடினார்கள் என்றதும் சிரித்துவிட்டார். ‘அத்யக்ஷன்’ என்பதில் ‘அக்ஷ’ கண். மேலிருந்து கண்ணால் பார்க்கிறவன், நேரடிச் சாட்சி. சாட்சிக்கே தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இந்தப் பாட்டின் துணிச்சல். அவனுக்கே தெரியாவிட்டால் வேறு எவனுக்குத் தெரியும், ஆகவே ஈஸ்வரனே அறிவான் என்று சாயணர் அதை ஈஸ்வரன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். இது நாத்திகம் என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு, பெருவெடிப்பை அன்றே சொன்னார்கள் என்று பகிர்கிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் ‘யதி வா’ என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ‘அல்லது’ என்று இரண்டையும் திறந்து வைத்தவர் வாயில் நாம் எதையும் திணிக்க முடியாது. சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் இதே கேள்வியை எடுத்து, இல்லாததிலிருந்து இருப்பது எப்படிப் பிறக்கும், முதலில் ஸத்துதான் இருந்தது என்று மகனிடம் அடித்துச் சொல்கிறார். தைத்திரீய உபநிஷத்தில் ‘அஸத்துதான் முதலில் இருந்தது’ என்று ஒரு வரி. கேள்வியை விட்டுவைத்தால் இப்படித்தான் ஆளுக்கொரு பதில் வரும் போலும்.

‘வேத’ என்ற வினையைக் கவனியுங்கள்: ‘அறிகிறான்’. வேதம் என்ற பெயரும் அதே வேரில் வந்தது. இந்த சூக்தம் ‘ந வேத’ என்று முடிகிறது.

கடைசி வாரம் அந்த மாணவி விரல் விட்டு அசைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். “சார், இதுல ரெண்டு குறையுது.” ய-தி-வா-த-தே-ய-தி-வா-ந. ஒன்பதுதான், பதினொன்று வேண்டும். ஏட்டில் விட்டுப்போயிருக்குமோ என்றாள். பதபாடம், கிரமம், கனம் என்று முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிச் சொல்லிக் காத்த மரபு இது, இரண்டு அசையைச் சுலபமாகத் தொலைக்காது என்றேன். “அப்ப அந்த இடத்துல என்ன பண்றது?” என்று கேட்டாள். நாங்கள் ‘யதி வா ந’ என்று சொல்லிவிட்டு, இரண்டு அசை நேரம் சும்மா இருந்து, பிறகு ‘யோ அஸ்ய’ என்று தொடங்கினோம்.