பொருள்: கொள்முதல் திட்டமிடல் பணி – கேஸ் ஸ்டடி சுற்றில் நான் சொன்ன டோக்கன் கணக்குக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செவ்வாய்க்கிழமை பர்கூரில் நடைபெற்ற கேஸ் ஸ்டடி சுற்றில், ஒதுக்கிய நேரம் முடிந்த பின்னும் என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டதற்குத் தங்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும் நன்றி. அன்று சொன்னவற்றை மீண்டும் எழுதித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. உற்பத்திப் பிரிவு மேலாளர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் அளித்தது பாதிப் பதில்தான் என்று பேருந்தில் திரும்பும்போதே தோன்றியது. விட்டுப்போன மறுபாதிக்காகவே இந்த மின்னஞ்சல்.

கூழுக்கு மாங்காய் கொண்டுவரும் விவசாயிகளுக்கு டோக்கன் கொடுத்து நேரம் பிரித்து வரச் சொன்ன பிறகும் தொழிற்சாலை வாசலில் வண்டிகள் தேங்காது என்பதற்கு என்ன உறுதி என்று அவர் கேட்டார். எடைமேடையில் ஒரு வண்டி ஏறி இறங்க ஆகும் நேரத்தை வைத்து, நாளொன்றுக்கு 20 லோடு, அதாவது 200 டன் உள்ளே வரலாம் என்று நான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், சந்தூரில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் கடந்த சீசனின் எடைச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஒரு சீட்டில் முதல் எடைக்கும் காலி எடைக்கும் இடையே 40 நிமிடம்கூட இல்லை. ஆனால் அதே சீட்டின் பின்புறத்தில், வண்டி வாசலுக்கு வந்த நேரம் காலை 6 மணி என்று அவர் பேனாவால் குறித்து வைத்திருந்தார். எடை போட்டதோ இரவு 9 மணிக்கு. காரணம் கேட்டபோது, "ஷெட்டுல எடமில்லன்னு நிறுத்திட்டாங்க" என்றார். நான் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

பெங்களூரா மாங்காயாகவே வந்து, பழுக்கவைக்கும் ஷெட்டில் சில நாள் இருந்த பிறகே கூழ் இயந்திரத்துக்குப் போகிறது. தாங்கள் கொடுத்த கேஸ் ஸ்டடி தாளின்படி ஷெட்டின் கொள்ளளவு 600 டன், பழுக்க ஆகும் காலம் சராசரியாக 5 நாள். அப்படியானால் எடைமேடை எவ்வளவு வேகமாக இயங்கினாலும், நிரம்பிய ஷெட் ஒரு நாளில் ஏற்கக்கூடியது 120 டன்தான். என் திட்டப்படி 200 டன்னுக்கு டோக்கன் கொடுத்திருந்தால் தினமும் 80 டன் வெளியே நின்று, மூன்றாம் நாள் மாலைக்குள் 240 டன் காய் வெயிலில் காத்திருக்கும். அதுவும் கையில் டோக்கன் இருக்கும் விவசாயியின் காய்.

ஆகவே, மறுநாள் டோக்கன்களின் எண்ணிக்கையை வாசலில் இருப்பவர் முடிவு செய்யாமல், ஷெட் மேற்பார்வையாளர் ஒவ்வொரு நாள் மாலையும் காலியான கிரேட்டுகளை எண்ணிச் சொல்வதை வைத்து முடிவு செய்வதே சரி என்று கருதுகிறேன். இந்த 120 டன்னும் நிலையான எண் அல்ல. காய் முற்றியிருக்கும் அளவையும் வெப்பத்தையும் பொறுத்து 6 நாள் ஆனால் அது 100 டன்னாகக் குறையும்; 4 நாளில் பழுத்தால் ஷெட் 150 டன் வரை தாங்கும் என்றாலும், கூழ் இயந்திரத்தின் நாளொன்றுக்கான 140 டன் திறன் அப்போது வரம்பாகிவிடும். லாட்டு தோறும் இறக்கிய தேதியையும் ஊரையும் சாக்பீஸால் எழுதி வைத்தால், எந்தப் பகுதிக் காய் எத்தனை நாளில் பழுக்கிறது என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். இதற்கு மென்பொருள் எதுவும் தேவைப்படாது.

இதனால் என் கடைசி ஸ்லைடில் இருந்த ஒரு பரிந்துரையையும் திரும்பப் பெறுகிறேன். இரண்டாவது எடைமேடை வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதலீடு செய்ய வாய்ப்பிருந்தால் எத்திலீன் அறைக்கே முதலிடம் கொடுக்கச் சொல்வேன். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவோ 100 பிபிஎம் வரை அனுமதிக்கப்பட்டது, காயை ஒரே சீராகப் பழுக்க வைப்பது. அறைக்கான செலவை நான் இன்னும் கணக்கிடவில்லை என்பதால், அதைப் பற்றி இப்போது உறுதியாக எதுவும் சொல்ல இயலாது.

தங்கள் தொழிற்சாலையின் உண்மை நிலை, கேஸ் ஸ்டடி தாளில் உள்ள எண்களிலிருந்து வேறுபடலாம். கடந்த சீசனில் ஏதேனும் ஒரு வாரத்தின் வாசல் பதிவேட்டையும், அதே லாட்டுகள் கூழுக்குப் போன தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தேக்கம் எடைமேடையிலா ஷெட்டிலா என்பது தெரிந்துவிடும். 4, 5, 6 நாள்களுக்கான கணக்கை ஒரே பக்கத்தில் போட்டு இத்துடன் இணைத்துள்ளேன். குழுவினர் இது குறித்து மேலும் கேட்க விரும்பினால், எந்த வேலை நாளிலும் காலை 11 மணிக்குப் பிறகு தொலைபேசியில் பேச இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. கலைவாணி
போச்சம்பள்ளி

இணைப்பு: ஷெட் கொள்ளளவு – டோக்கன் கணக்கு (1 பக்கம்)