தோல் பதனிடும் மர டிரம், 3 × 3 மீட்டர்: தொழில்நுட்ப விவரத்தாள்

பயன்பாடு
லைமிங், குரோம் டேனிங் ஆகிய ஈரப் பணிகளுக்காக ராணிப்பேட்டையிலுள்ள எமது பட்டறையில் இந்த டிரம் செய்யப்படுகிறது. உலர் மில்லிங்குக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

அளவும் கொள்ளளவும்
வெளி விட்டமும் வெளி நீளமும் தலா 3,000 மி.மீ.; எக்கி மரப் பலகையின் கனம் 75 மி.மீ.; முளைகளின் இடத்தைக் கழிக்காமல் உட்கொள்ளளவு 18.2 கன மீட்டர். தோல் எடையில் 200 விழுக்காடு நீர் விட்டு லைமிங் செய்யும்போது ஒரு நடைக்கு 2.5 டன் தோல் போடலாம். தோலும் நீருமாகச் சேரும் 7.5 டன் அச்சு மட்டத்துக்குக் கீழேயே நிற்கும். இதே அளவு டிரம்முக்கு 4 டன் என்று குறிக்கும் விலைப்புள்ளி உங்கள் மேசைக்கு வந்தால், அதே நீர் விகிதத்தில் சுமை 12 டன்னாகி, கரைசல் உள்ளீடற்ற அச்சின் வழியே வெளியே வழியும் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

மோட்டாரும் வேகமும்
15 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நான்கு துருவ ஐ.இ.3 மோட்டார், பாதுகாப்புத் தரம் ஐ.பி.55. வழக்கமான மோட்டார்கள் 40 டிகிரி சுற்றுவெப்பத்துக்கே தரமிடப்படுகின்றன. வேலூர்க் கோடையில், அதுவும் தகரக் கூரையின் கீழ், அந்த வரம்பு போதாது என்பதால் 50 டிகிரிக்குத் தரமிட்ட மோட்டாரையே பொருத்துகிறோம். வேகத்தை டிரைவ் மூலம் நிமிடத்துக்கு 3 முதல் 12 சுற்று வரை மாற்றலாம். லைமிங்கின் 3 சுற்றில் மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகிவிடுமாதலால், தனி மின்இணைப்பில் ஓடும் குளிர்விப்பு விசிறியும் விலையில் அடக்கம்.

கட்டுமானம்
கரைசல் படும் போல்ட்டுகள், கதவு, வடிகால் வால்வு அனைத்தும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. உப்பும் குளோரைடும் ஓயாத இடத்தில் 304 தரம் குழிவிழும். வளையப் பற்சக்கரம் துண்டுகளாக வார்க்கப்பட்டுள்ளதால், பல் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம், டிரம்மை இறக்க வேண்டியதில்லை. நீரும் ரசாயனமும் டிரம் ஓடும்போதே அச்சு வழியாகச் செலுத்தப்படுகின்றன. நீரளவு மீட்டரும் உடன் வருகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் செலவு உண்டு என்பதால் இதைக் கூடுதல் உதிரியாக வைக்கவில்லை.

பாதுகாப்பு
சுற்றுவேலிக் கதவு திறந்திருந்தால் டிரம் சுழலாது. மின்சாரம் நின்றால் பிரேக் தானாகப் பிடிக்கும்.

நிறுவுதல்
காலி எடை சுமார் 6.5 டன், முழுச் சுமையில் 14 டன். அடித்தள வரைபடம் ஆர்டர் உறுதியானதும் அனுப்பப்படும். முதல் ஓட்டத்துக்கு முன் டிரம்மில் 48 மணி நேரம் நீர் நிரப்பி, அவ்வப்போது மெல்லச் சுழற்றி, பலகைகளை ஊற விட வேண்டும். முதல் நாள் மூட்டுகளில் கசிவது பழுதன்று, மரம் ஊதியதும் அது அடைபடும். வேலை நிற்கும் வாரங்களிலும் உள்ளே சிறிது நீர் இருக்கட்டும். காய்ந்து பிளந்த பலகைக்கு உத்தரவாதம் பொருந்தாது.

வழங்கல்
ஆர்டரிலிருந்து 14 வாரங்கள். உத்தரவாதம் 18 மாதங்கள். வளையப் பற்சக்கரத்துக்கு 36 மாதங்கள். அனுப்புமுன் எமது பட்டறையில் நீர்ச்சுமையோடு ஓட்டிக் காட்டப்படும். அப்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியரை உங்கள் பொறியாளர் தம் சொந்த மீட்டரிலேயே அளந்து பதியலாம்.