ஆயில்யம்

ரங்கூனில் பாக்கியம் அத்தையிடம் ஜாதகத்தை நீட்டுகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த ஊர் மணி?" என்பதுதான்.

நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாறுகிறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் கணித்தால், பாதிப் பேருக்கு லக்னம் அடுத்த கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்படி வந்த ஜாதகங்களை எல்லாம் அத்தை பென்சிலால் திருத்திக் கணித்துவிட்டுத்தான் பொருத்தமே பார்ப்பாள். முகல் தெருச் செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த அவளுடைய அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம். 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எத்தனையோ பேர் கப்பல் ஏறினார்கள். அவர் ஏறவில்லை. பஞ்சாங்கங்களோடு இங்கேயே இருந்துவிட்டார்.

தனலட்சுமியின் ஜாதகத்தை அவளுடைய அம்மா கொண்டுவந்தபோது அத்தை அதே கேள்வியைக் கேட்டாள்.

"நம்ம ஊர் மணிதான் அக்கா. நல்லாப் பாத்துட்டேன்."

வெள்ளிக்கிழமை, மக நட்சத்திரம், சிம்ம ராசி, கேது தசை இருப்பு. எல்லாம் அச்சுப்போல அழகான எழுத்தில் இருந்தது. அத்தை தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெண்ணுக்கு இருபத்தாறு வயது, தாளுக்கு ஆறு மாதம்கூட ஆகியிருக்காது என்று எனக்கே தோன்றியது. அத்தை ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள்.

மாப்பிள்ளைப் பையன் பெகுவில் இருந்தான். குமரன். இன்வெர்ட்டர், பேட்டரி பழுது பார்க்கும் தொழில். கரண்ட் போகிற ஊரில் அந்தத் தொழிலுக்குக் குறையே வராது. அப்பா இல்லை, அம்மா மட்டும். சுவாதி, துலாம். அத்தை விரல் விட்டு எண்ணினாள். மகத்திலிருந்து சுவாதி ஆறாவது, தினப் பொருத்தம் உண்டு. ரஜ்ஜு தட்டவில்லை, வேதை இல்லை. கணம் மட்டும் இடித்தது. அவன் தேவ கணம், அவள் ராட்சச கணம்.

"ராட்சச கணம்னா என்ன, கோவக்காரின்னு அர்த்தமா?" என்றேன்.

"நீ மனுஷ கணம். நீ கத்தாத கத்தலா?" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

காளி கோயிலில் பெண் பார்க்க ஏற்பாடானது. பிராகாரத்தில் இரண்டு குடும்பமும் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது தனலட்சுமியின் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பர்மியப் பெண் ஒருத்தி சாவி வாங்க வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "மா பியூ பியூ!" என்று கூப்பிட்டாள். தனலட்சுமி திரும்பினாள்.

அத்தையும் திரும்பினாள்.

நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர் என்பது தெரிந்ததுதான். பர்மியர் பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பெயர் வைப்பார்கள். 'ப', 'ம' எல்லாம் வியாழக்கிழமைக்கு. வெள்ளிக்கிழமைப் பிள்ளையாக இருந்தால் தீடா, தான் என்று ஏதாவது இருந்திருக்கும். வெள்ளிக்கு முந்தின நாள் வியாழன். மகத்துக்கு முந்தின நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். பையனுக்கோ அம்மா ஒருத்திதான்.

அத்தை அங்கே வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தனலட்சுமியை வீட்டுக்கு வரச்சொன்னாள். "விவரம் எல்லாம் உன் கையாலேயே எழுதிக் குடும்மா, என் கண்ணு சரியில்ல." இது சுத்தப் பொய். பஞ்சாங்கத்துப் பொடி எழுத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கிற கண் அது.

பெயர், படிப்பு, உயரம் என்று வேகமாக எழுதிவந்தவள் பிறந்த தேதியில் நின்றாள்.

"அத்தை, அம்மா குடுத்த தேதி எழுதணுமா, நான் பிறந்த தேதி எழுதணுமா?"

"உனக்கு எது சரின்னு படுதோ அத எழுது."

அவள் வியாழக்கிழமைத் தேதியை எழுதினாள். எழுதிவிட்டு, "ரெண்டு இடம் இதனால தட்டிப்போச்சு. அதான் அம்மா மாத்திட்டாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அவர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். அழவில்லை. லேசாகக் கை மட்டும் நடுங்கியது.

அன்று இரவு அத்தை மறுபடி உட்கார்ந்து முழுசாகக் கணித்தாள். ஆயில்யத்திலிருந்து சுவாதி ஏழாவது. தினப் பொருத்தம் போனது. ஆனால் ஏழாவது என்பதால், முன்பு இல்லாத மகேந்திரப் பொருத்தம் வந்து சேர்ந்தது. கணம் அப்போதும் இடித்தது, ரஜ்ஜு அப்போதும் தட்டவில்லை. "ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு" என்று அத்தை சிரித்தாள். கேது தசையை அடித்துவிட்டுப் புதன் தசை என்று எழுதினாள்.

குமரன் போன் செய்தது இரண்டு நாள் கழித்து.

"அத்தை, அந்தப் பொண்ணு பேசிச்சு. எல்லாம் சொல்லிச்சு."

"சரி. நீ என்ன சொன்னே?"

"யோசிக்கணும்னேன். எனக்குப் பிரச்சினை இல்ல, ஆனா இது எங்கம்மா உயிர் விஷயம்னு சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியாம நான் சரின்னு சொன்னா நல்லாருக்காது. நானே அம்மாகிட்டச் சொல்றேன். ஒரே ஒரு விஷயம். ஜாதகத்துல நாள் தப்பா விழுந்திருக்குன்னு மட்டும் சொல்லப்போறேன். யார் மாத்தினாங்கன்னு நீங்களும் சொல்லவேணாம். அவங்க அம்மா நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து நிமிர்ந்து உக்காரணும்ல?"

அத்தை போனை வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். அவள் சந்தோஷமாக இருக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே சுண்ணாம்பு தடவுவாள்.

அந்த வாரமே குமரனின் அம்மா பெகுவிலிருந்து ரயில் ஏறி வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, ஆயில்யமாமே?"

"ஆமா."

"எனக்கு ஆகாதுங்கறாங்களே?"

"சொல்றாங்க. ஆகாதுன்னும் எழுதி வெச்சிருக்கு, அதுக்கு விலக்கும் எழுதி வெச்சிருக்கு. ரெண்டையும் படிச்சவ நான். பத்துல என்னென்ன இருக்கு, என்னென்ன இல்லன்னு இதோ நோட்டு இருக்கு, ஒளிவு மறைவு இல்ல. பாத்துக்க."

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. "நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் ஆயுசு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது தங்கச்சி. அந்தப் பொண்ணு உன் மருந்துச் சீட்ட எடுத்துட்டுப் போனா சரியான மருந்த வாங்கிட்டு வருவா, மிச்சக் காச எண்ணி உன் கையில வைப்பா. தனக்குக் கெடுதல் வரும்னு தெரிஞ்சும் உண்மையச் சொன்னவ. உன் மகன் என்ன செஞ்சான்னு உனக்கே தெரியும். இதுக்கு மேல கட்டத்துல தேட எனக்கு ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு பையைக் கீழே வைத்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்து, "இந்த மருந்துக்கடை எங்கே இருக்கு? எனக்கு பிரஷர் மாத்திரை தீந்துபோச்சு" என்றாள்.

"ஏன், பெகுவுல கிடைக்கலியா?"

"கிடைக்கும். இருந்தாலும் ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். "கூடப் போ. நீ கடைக்குள்ள போகாத, வெளியே நில்லு. வண்டி பேசும்போது மட்டும் ஏமாந்துடாத."