சின்னவனின் ரிப்போர்ட் கார்டு

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி, வரி வரியாகப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அத்தானும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உன்னைப் பயமுறுத்திய அந்த AB. ஏவுக்கும் பிக்கும் நடுவில் ஏதோ ஒரு கிரேடு என்று நினைத்திருக்கிறாய். அது கிரேடே இல்லை, ஆப்சென்ட். கம்ப்யூட்டர் பாடத்தில் PT என்ற கட்டத்தில் மட்டும் இருக்கிறது. PT என்றால் இடையில் வைக்கிற சின்னத் தேர்வு. அவன் அம்மை போட்டுப் படுத்திருந்த ஒன்பது நாளில்தான் அது நடந்திருக்க வேண்டும். வருகைப் பதிவில் 104 நாளுக்கு 91 என்று இருப்பதும் பெரும்பாலும் அதனால்தான். வலது பக்கம் முழுக்கக் காலியாக இருப்பதைப் பார்த்து அத்தான் 'எல்லாம் பூஜ்யமா?' என்று கேட்டாராம். அது இரண்டாம் பருவத்துக்கான இடம். இன்னும் பரீட்சையே நடக்கவில்லை.

கிரேடு கணக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. 91 முதல் 100 வரை A1, 81 முதல் 90 வரை A2, 71 முதல் 80 வரை B1, 61 முதல் 70 வரை B2, 51 முதல் 60 வரை C1. தமிழ் 93, அறிவியல் 84, இங்கிலீஷ் 73, சமூக அறிவியல் 66. இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

கணக்குக்கு வருவோம். 60, C1. இதைப் பார்த்துவிட்டுத்தான் அத்தான் கத்தியிருப்பார். ஆனால் அந்த 60 எப்படி வந்தது என்று பக்கத்துக் கட்டங்களைப் பார். பெரிய பரீட்சையில் 80க்கு 52 வாங்கியிருக்கிறான். அதை மட்டும் நூற்றுக்கு மாற்றினால் 65, அதாவது B2. மீதி 20 மார்க்கில்தான் சறுக்கியிருக்கிறான்: PTயில் 10க்கு 4, நோட்டுக்கு 5க்கு 1, செயல்பாட்டுக்கு 5க்கு 3. நோட்டில் இன்னும் ஒரே ஒரு மார்க் வந்திருந்தால் கிரேடே மாறியிருக்கும். கணக்கு வராத பிள்ளையின் மார்க் இப்படி இருக்காது. விட்டுப்போன பாடத்தை நோட்டில் ஏற்றவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நோட்டை எடுத்துப் பார், அந்த ஒன்பது நாள் பக்கங்கள் இருக்கின்றனவா என்று. ட்யூஷன் சேர்ப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அடுத்து டீச்சர் எழுதியவை. அறிவியல் டீச்சர் 'இன்குவிசிடிவ்' என்று எழுதியதற்கு அகராதி பார்த்து, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவன் என்று எடுத்துக்கொண்டாயே! அந்த அர்த்தமும் உண்டுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அது பாராட்டு. வகுப்பில் கேள்வி கேட்கிறான், தெரிந்துகொள்ளத் துடிக்கிறான் என்று பொருள். மாறாக, நீ சந்தோஷப்பட்ட 'சாடிஸ்ஃபேக்டரி' இருக்கிறதே, அது அவ்வளவு பெரிய பாராட்டு இல்லை. 'பரவாயில்லை' என்கிற அளவுதான். 'கேன் டு பெட்டர்' என்று டீச்சர்களான நாங்களே நாற்பது கார்டில் முப்பதில் எழுதுவோம். கை வலிக்கிற நேரத்தில் வருகிற வரி அது, விட்டுவிடு.

கணக்கு டீச்சரின் வரிதான் கவனிக்க வேண்டியது. திறமை இருக்கிறது, கவனம் இல்லை, நோட்டை நேரத்துக்குக் கொடுப்பதில்லை என்கிறார். முதல் பாதி உண்மை என்று மார்க்கே சொல்கிறது. 'கவனம் இல்லை' என்பதில் பாதி அம்மையின் வேலை என்று நினைக்கிறேன். மீதிப் பாதி எனக்குத் தெரியாது. விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார். கூட்டல் கழித்தலில் தவறினானா, கணக்கையே விட்டுவிட்டு வந்தானா என்று தெரிந்துவிடும்.

ஒழுக்கம் என்ற இடத்தில் B இருக்கிறதே என்று கேட்டாய். அந்தப் பகுதிக்கு A, B, C என்று மூன்றே படி. மார்க் கணக்கோடு அதைச் சேர்க்காதே. 'டாக்கடிவ்' என்று பக்கத்தில் எழுதியிருப்பதுதான் காரணம். வாயாடி. யாரைக் கொண்டிருக்கிறான் என்று உனக்கே தெரியும்.

பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது இரண்டே விஷயம் கேள். விட்டுப்போன கம்ப்யூட்டர் தேர்வை மறுபடி வைப்பார்களா? டாக்டர் சீட்டைக் கையோடு கொண்டுபோ. இன்னொன்று, நோட்டை எந்தத் தேதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்? அவனை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு மார்க்கைப் பற்றி விசாரிக்காதே.

ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. கிளாஸ் டீச்சர் கையெழுத்துக்கு மேலே ஏதோ எழுதியிருக்கிறார். அதை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தங்கை