அச்சக மேடத்துக்கான ஆகஸ்ட் மெயில்: திருத்திய வரைவு

சார், வணக்கம்.

அச்சக மேடத்துக்கு நீங்கள் எழுதிய ஆகஸ்ட் மாத மெயிலைத் திருத்திவிட்டேன். இரண்டு பக்கம் இருந்தது, இப்போது ஒரு ஃபோன் திரையில் அடங்கும். மேடம் மிஷின் ஓடும்போது நின்றபடியே மெயில் பார்ப்பவர், கடைசிப் பத்தி வரை போக மாட்டார். நீங்கள் அவரிடம் கேட்டவை எல்லாம் அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருந்தன.

தலைப்பு: ஆகஸ்ட் கணக்கு – 12-ஆம் தேதிக்குள் உங்களிடமிருந்து மூன்று விஷயம் வேண்டும்

வணக்கம் மேடம்,

ஆகஸ்டில் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஜூலையை விட விற்பனை 9% கூடுதல். ஆனால் பணம் கைக்கு வருவது தாமதமாகிறது. முன்பு பில் போட்டு சராசரியாக 41 நாளில் வந்த பணம், இப்போது 58 நாள் எடுக்கிறது. பேங்கில் இருப்பு குறைந்ததற்குக் காரணம் இதுதான், நஷ்டம் இல்லை.

12-ஆம் தேதிக்குள் இவற்றை முடித்துக் கொடுங்கள்:

1. ஆகஸ்டில் வாங்கிய பேப்பருக்கு இரண்டு பில்லும், மிஷின் சர்வீஸ் பில் ஒன்றும் எங்களிடம் இல்லை. ஃபோட்டோ எடுத்து இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்பினால் போதும்.

2. ஆகஸ்ட் 7, 19 தேதிகளில் கணக்கிலிருந்து போன இரண்டு தொகைகள் எதற்கென்று தெரியவில்லை. சப்ளையருக்குக் கொடுத்த அட்வான்ஸா, வீட்டுச் செலவுக்கு எடுத்ததா? ஒரு வரி எழுதுங்கள்.

3. 60 நாளைத் தாண்டியும் பணம் தராத மூன்று வாடிக்கையாளர்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். முதலில் இருக்கும் பள்ளிக்கு இந்த வாரமே ஃபோன் போடுங்கள், பாக்கியில் பாதிக்கு மேல் அவர்களுடையது.

15-ஆம் தேதி மாதக் கணக்கை மூடுகிறோம். முதல் இரண்டும் அதற்குள் வராவிட்டால் லாபக் கணக்கு சரியாக வராது. ஏதாவது புரியவில்லை என்றால் கூப்பிடுங்கள், ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்காளர்

இனி, எதை ஏன் மாற்றினேன் என்று.

உங்கள் வரைவில் ‘வரவேண்டிய கணக்குகளின் சுழற்சி நாட்கள் உயர்ந்ததன் விளைவாக செயல்பாட்டு ரொக்கப் பாய்வில் எதிர்மறைத் தாக்கம் ஏற்பட்டுள்ளது’ என்று இருந்தது. தப்பில்லை சார், ஆனால் மேடம் இதைப் படித்தால் கடை மூழ்குகிறது என்றுதான் நினைப்பார். விற்பனை ஏறும்போது பேங்க் இருப்பு இறங்குவது எல்லாருக்கும் குழப்பம்தான். அதனால் 41, 58 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ‘நஷ்டம் இல்லை’ என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன்.

‘நிலுவையிலுள்ள ஆவணங்கள் விரைவில் சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்ற வரியில் எந்த ஆவணம், யார், எப்போது என்று ஒன்றுமே இல்லை. போன மாதமும் இதே வரியைத்தான் அனுப்பினோம், ஒரு பில்லும் வரவில்லை. ‘விரைவில்’ என்பதற்குத் தேதி கிடையாது. அதனால்தான் 12.

எதற்கென்று தெரியாத அந்த இரண்டு தொகைகளுக்கு நீங்கள் எழுதியிருந்த ‘சஸ்பென்ஸ் கணக்கு’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றினேன். வீட்டுச் செலவு என்றால் உரிமையாளர் எடுத்த பணமாகப் போகும், அட்வான்ஸ் என்றால் சரக்கும் பில்லும் வரும்வரை செலவில் ஏறாது. இரண்டுமே லாபத்தைக் குறைக்காது. ஆனால் அவர் மூன்றாவதாக ஏதோ கடைச் செலவு என்று சொன்னால், லாபம் அந்த அளவுக்கு இறங்கும். இந்த விளக்கம் நமக்குப் போதும், மெயிலில் வேண்டாம்.

தேய்மானம் பற்றிய பத்தி, விகிதங்களின் அட்டவணை இரண்டையும் முழுசாக வெட்டிவிட்டேன். உழைத்துப் போட்டிருக்கிறீர்கள், தெரியும். அவற்றைப் பார்த்து மேடம் இந்த மாதம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அறிக்கையில் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். பேப்பர் செலவு ஏறுவதைப் பற்றிய உங்கள் குறிப்பு நல்ல குறிப்புதான். ஆனால் ஒரு மாத ஏற்றத்தை வைத்து விலையைக் கூட்டச் சொல்ல முடியாது. செப்டம்பர் கணக்கும் அப்படியே காட்டினால் அதையே முதல் விஷயமாக எழுதுவோம்.

‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’, ‘தெரிவிக்கப்படுகிறது’ எல்லாம் போய்விட்டன. இத்தனை வருஷப் பழக்கத்தில் மேடத்துக்கு அரசாங்க நோட்டீஸ் மாதிரி எழுதுவானேன்? கணக்கு மூடும் தேதியைச் சொல்லும் வரி மட்டும் கொஞ்சம் கறாராகவே இருக்கட்டும்.

அனுப்பும் முன் இரண்டு வேலை. 58 நாள் என்பது அவர் கடைசி வாரம் போட்ட பில்களையும் சேர்த்து வந்த கணக்கா என்று ஒருமுறை பாருங்கள். பாக்கிப் பட்டியலில் மற்ற வாடிக்கையாளர்களை எடுத்துவிட்டு அந்த மூன்று பேரை மட்டும் வையுங்கள். போன மாத மெயிலுக்கு ரிப்ளையாகப் போடாமல் புது மெயிலாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பழைய தலைப்புதான் போகும்.