குளிர்சாதனப் பெட்டித் திருத்த வேலை பற்றிய முறைப்பாடு: மீள எழுதிய பிரதி

வெள்ளவத்தை, கொழும்பு 06
2025.08.06

எமது மாடிமனைத் தொகுதியின் குடியிருப்பாளர்கள் அனைவருக்கும்,

சென்ற வாரம் முகாமைத்துவக் குழுவிடம் நான் கையளித்த முறைப்பாட்டில் திருத்துநரின் பெயரும், அவரை அனுப்பிய நிறுவனத்தின் பெயரும், "கள்ளர்", "பகல் கொள்ளை" ஆகிய சொற்களும் இருந்தன. அப்பிரதிக்குப் பதிலாக இதனையே சுற்றுக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவதூறு இப்போது குற்றமில்லையே என்று குழுவில் ஒருவர் ஆறுதல் கூறினார். 2002 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அது நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் நட்டஈடு கோரி மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடரும் உரிமை இன்றும் இருக்கிறது. பெயரைக் குறிப்பிடாவிட்டாலும் யாரைப் பற்றிய பேச்சு என்று வாசிப்பவர் அறிந்துகொண்டால் அதுவே போதுமானது என்பதால், பெயரை மட்டும் அழித்துவிட்டு வசைகளை அப்படியே விட்டுவைப்பதில் பயனில்லை. ஆகவே கீழே உள்ளவற்றில் நான் கண்டதும் என்னிடம் கடதாசி உள்ளதும் மட்டுமே இருக்கின்றன.

2025.06.17 அன்று எனது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திருத்த வந்தவர், கொம்பிரசர் பழுதடைந்துவிட்டதாகக் கூறி, அதனை மாற்றியதாகத் தெரிவித்து 48,500 ரூபாய் பெற்றுக்கொண்டார். பற்றுச்சீட்டில் "புதிய கொம்பிரசர், ஆறு மாத உத்தரவாதம்" என்று கையால் எழுதப்பட்டுள்ளது. வேலை நடந்தபோது நான் சமையலறையில் இருக்கவில்லை. கழற்றிய பழைய பாகம் என்னிடம் ஒப்படைக்கப்படவில்லை; நானும் அதைக் கேட்கவில்லை.

2025.07.05 அன்று பெட்டி மீண்டும் குளிரூட்டுவதை நிறுத்தியது. அன்றும் மறுநாளும் அந்நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்துக்குப் பல தடவைகள் அழைத்தும் பதில் கிடைக்காததால், 2025.07.08 அன்று வேறொரு திருத்துநரை அழைத்தேன். அவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றியபோது நானும் அருகில் நின்றேன். கொம்பிரசரின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் உற்பத்தி ஆண்டு 2017 என்று இருந்தது. நான் பெட்டியை வாங்கிய ஆண்டும் அதுவே. அடியில் உள்ள நான்கு பூட்டாணிகளிலும் துரு ஏறியிருந்தது, ஒன்றிலாவது சாவி பட்ட புதிய கீறல் எனக்குத் தென்படவில்லை. அவற்றைப் படம் பிடித்து வைத்துள்ளேன்.

கொம்பிரசர் மாற்றப்படவே இல்லை என்று முன்னைய பிரதியில் எழுதியிருந்தேன். அது எனது ஊகம். அதே ஆண்டைச் சேர்ந்த பாவித்த பாகம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கலாம். பற்றுச்சீட்டு எழுதியவர் பிழைவிட்டிருக்கவும் கூடும். பற்றுச்சீட்டில் உள்ள "புதிய" என்ற சொல்லும் லேபிளில் உள்ள ஆண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது. அதற்கு விளக்கம் பெற எனக்கு உரிமையுண்டு என்பது எனது கருத்து.

2025.07.14 அன்று பதிவுத் தபாலில் விளக்கம் கோரினேன். 2025.07.21 அன்று நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர், புதிய பாகமே பொருத்தப்பட்டதாகவும், வேறொருவர் பெட்டியைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்றும் தெரிவித்தார். எழுத்தில் தருமாறு கேட்டேன், இன்றுவரை கிடைக்கவில்லை. வெளியாள் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை பற்றுச்சீட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 2025.08.04 அன்று எழுத்து மூலம் முறைப்பாடு செய்துள்ளேன். அங்கு பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் விசாரிக்க வேண்டியவர்களுக்குக் கிடைத்துவிட்டன. நான் கேட்டிருப்பது இரண்டில் ஒன்று: பற்றுச்சீட்டில் உள்ளபடி புதிய கொம்பிரசரைப் பொருத்தித் தருதல், அல்லது 48,500 ரூபாயைத் திருப்பித் தருதல். திருத்த வந்தவர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர் என்றே தெரிகிறது. பாகத்தைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது. திருத்த வந்தவரின் பெயரை நான் இப்பிரதியிலிருந்து நீக்கியதற்கு அதுவே முதற் காரணம். வழக்குப் பயம் இரண்டாவதே.

இந்த நிறுவனத்தை அழைக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் கூறவில்லை. யாரை அழைத்தாலும், கழற்றிய பழைய பாகத்தையும் புதியதன் தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதையொத்த அனுபவம் உள்ளவர்கள் பற்றுச்சீட்டோ படமோ இருந்தால் அவற்றின் பிரதிகளை எனக்குத் தனிப்படத் தந்துதவலாம். கேள்விப்பட்டவற்றைத் தயவுசெய்து அறிவித்தற் பலகையில் எழுத வேண்டாம்.

நிறுவனத்திடமிருந்து எழுத்துமூலப் பதில் வந்தால், அதனை ஒரு வரியும் குறைக்காமல் இதே வழியில் உங்களுக்கு அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
நான்காம் மாடி, 4பி இல்லக் குடியிருப்பாளர்