பெரும்போகம் முடியட்டும்: ஒரு அரிசி மில் பொய்லர் கேஸ்

அம்பாறை மாவட்டத்தில ஒரு அரிசி மில், பேர் வேணாம். நெல் அவிக்கிறதுக்கு உமியில எரியிற பழைய பொய்லர், 7 பார் அழுத்தத்தில ஓடும், அழுத்தம் கூடினா ஸ்டீம வெளிய விடுற சேஃப்டி வால்வ் 8 பார்ல திறக்கணும். மாசி மாசம் பராமரிப்பு பாக்கிற டெக்னீசியன் வால்வ் லீவரத் தூக்கிப் பாத்திருக்காரு, அசையவே இல்ல. பிறகு ஒருநாள் கேஜ் முள்ளு 8.5 தாண்டியும் வால்வ் திறக்கல்ல, நெருப்புப் போடுறவர் உமியக் குறைச்சு எப்படியோ சமாளிச்சிட்டாரு. அண்டைக்கே மனேஜர்ட்ட சொல்லி, வாட்ஸ்அப்பில படமும் போட்டு, லொக் புக்கிலயும் எழுதிட்டாரு டெக்னீசியன். வந்த பதில்: "தம்பி, வெளிய லொறி வரிசையா நிக்குது, பெரும்போகம் முடியட்டும், எல்லாத்தையும் ஒண்டாக் கழட்டிப் பாப்பம்."

பங்குனியில பொய்லர்ட மேன்ஹோல் மூடிய இறுக்கி அடைக்கிற கஸ்கெட் பிச்சு ஸ்டீம் அடிச்சிச்சு. உமி அள்ளுற பொடியன்ட கையும் தோளும் வெந்து போச்சு.

பொய்லர் வெடிக்கல்ல, அது அதிர்ஷ்டம் மட்டும்தான். 7 பார்ல உள்ள தண்ணி கிட்டத்தட்ட 170 பாகையில நிக்குது, கோது கிழிஞ்சா அதில ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகும், அப்பிடி ஆவியாகிற தண்ணி வெளிக்காத்தில ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு விரியும். சுவரும் நிக்காது கூரையும் நிக்காது.

மனேஜர கெட்டவனாக்கிட்டு கேஸ மூடுறது லேசு. ஆனா அவர்ட பக்கமும் பாக்கணும், ஈர நெல்லு கிடந்தா முளைச்சிரும், விவசாயி காசுக்கு நிக்கிறான், முதலாளி போனுக்கு மேல போன். பிழை எங்கயெண்டா அவர் வால்வையும் தேஞ்ச பெல்ட்டையும் ஒரே லிஸ்டில போட்டாரு. பெல்ட் அறுந்தா வேலை நிக்கும், வால்வ் இறுகினா ஆள் சாகும், ரெண்டுக்கும் ஒரே "சீசன் முடிய" எண்டு தவணை குடுக்க ஏலாது.

அந்த லிஸ்டுக்கு வழி விட்டது லொக் புக் வசனம்தான் எண்டுறது என்ட அபிப்பிராயம். அதில இருந்தது இவ்வளவுதான்: "வால்வ் கொஞ்சம் இறுக்கம், சர்வீஸ் பண்ணினா நல்லம்." 8.5 பார்ல திறக்கல்ல எண்டு அதில ஒரு எழுத்தும் இல்ல, முதலாளிக்கு மனம் நோகாம எழுதுற எங்கட பழக்கம் அப்பிடி.

ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் விசயத்திலயும் இதே கதைதான் பெரிய அளவில நடந்திச்சு. சுவிட்ச் தளர்வா இருந்ததால ஓடுற கார் திடீரெண்டு நிண்டிச்சு, எஞ்சினியர்மாருக்குத் தெரிஞ்சும் கம்பனிக்குள்ள அத வாடிக்கையாளர்ட வசதிக் குறைவு எண்ட வகைக்குள்ள வச்சிருந்தாங்க, பாதுகாப்புக் குறை எண்டு எடுக்கல்ல. சுவிட்ச் ஓஃப் பக்கம் போனா ஏர்பேக்கும் விரியாது எண்டத கம்பனிக்குள்ள கனகாலமாச் சேத்துப் பாக்கல்ல. 2005 இல திருத்தம் பத்திப் பேசி, செலவுக்கு ஏத்த பலன் இல்லையெண்டு ஃபைல மூடினாங்க. 2014 இலதான் 26 இலட்சம் கார் வரைக்கும் திரும்பக் கூப்பிட்டாங்க, நட்டஈட்டு நிதியம் ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124.

எங்கட கேஸில இன்னொரு ஆள் இருக்காரு, அவரப் பத்தி ஆரும் கதைக்கல்ல. வருசப் பரிசோதனைக்கு வந்த எஞ்சினியர். பொய்லர் ஆறிக் கிடக்கக்குள்ள வெளியால பாத்து "திருப்தி" எண்டு கையெழுத்து வச்சிட்டுப் போயிருக்காரு, ஸ்டீம் ஏத்தி வால்வ் திறக்குதா எண்டு பாக்கல்ல. நானெண்டா டெக்னீசியன விட இவருக்குத்தான் கூடப் பழி சொல்லுவன். டெக்னீசியன்ட சம்பளம் அந்த மில்லில, தம்பியும் அங்கதான் மூடை தூக்கிறான், ரெண்டு பேர்ட வேலையும் மனேஜர்ட கையில. எஞ்சினியருக்கு அந்தப் பயம் இல்ல, பொதுமக்கள்ட பாதுகாப்புக்குத்தான் முதலிடம் எண்டு அவர்ட தொழில் ஒழுக்கக் கோவையே சொல்லுது, மனேஜர் டெக்னீசியன்ட பேச்ச ஒதுக்கினதும் இந்தச் சேர்ட்டிஃபிகேட்டக் காட்டித்தான்.

அப்ப டெக்னீசியன் என்ன செய்திருக்கலாம்? லொக் புக்கில இப்பிடி எழுதியிருக்கலாம்: "இண்டைக்கு 8.5 பார்ல வால்வ் திறக்கல்ல. வால்வ் மாத்தும் வரைக்கும் பொய்லர எரிக்கக் கூடாது. வாசிச்சவர் கையெழுத்து வைக்கவும்." கையெழுத்து கேட்டாலே முக்கால்வாசி மனேஜர்மார் யோசிப்பாங்க. அதோட ஒரு வால்வ் மாத்த சீசன் முழுக்க மில்ல மூடத் தேவையில்ல, இரவு ஆறவிட்டு அடுத்த நாள் மாத்தி டெஸ்ட் பண்ணியிருக்கலாம், இத அவர் முன்னுக்கு வச்சிருந்தா மனேஜருக்கும் ஓம் எண்டு சொல்ல ஒரு வழி கிடைச்சிருக்கும்.

அதுக்கும் மசியல்லயெண்டா நேரா முதலாளி, அதுக்குப் பிறகு தொழில் திணைக்களத்தில தொழிற்சாலைப் பரிசோதனை எஞ்சினியர். வெளிய சொல்றது துரோகம் எண்டு ஊருக்குள்ள கதைப்பாங்க, உண்மைதான், மில்லுக்காரர்ட கலியாண வீட்டுக்கும் போகணும், அதுக்காகத்தான் படிப்படியாப் போறது. ஆனா இந்தக் கேஸில விபத்துக்குப் பிறகு நடந்தத பாருங்க: கஸ்கெட்ட மட்டும் மாத்திட்டு மூண்டாம் நாள் திரும்ப நெருப்புப் போட்டாங்க, வால்வ் அதே வால்வ். அந்த மூண்டாம் நாள் காலைல படியெல்லாம் பாக்கத் தேவையில்ல, "நான் இப்ப திணைக்களத்துக்கு எடுக்கப் போறன்" எண்டு மனேஜர்ட முகத்துக்கு நேரா சொல்லிட்டு போன எடுக்கணும்.